வெள்ளை பட்டை ஏன் சயான் ஆச்சு: எஃப்பிஜிஏல விஜிஏ டைமிங்

விஜிஏ மானிட்டருக்கு போற வயர்ல "இது எத்தனாவது பிக்சல்"னு எந்த தகவலும் கிடையாது, சிவப்பு பச்சை நீலம்னு மூணு வோல்டேஜ், லைன் முடிஞ்சதுக்கு ஒரு பல்ஸ், ஃப்ரேம் முடிஞ்சதுக்கு ஒரு பல்ஸ், அவ்ளோதான். மீதியெல்லாம் நேரக்கணக்கு.

640x480ல ஒரு லைனுக்கு 640 பிக்சல் தெரியும், ஆனா எண்ண வேண்டியது 800. 640 முடிஞ்சதும் 16 கிளாக் சும்மா, அப்புறம் 96 கிளாக் சிங்க் பல்ஸ், அப்புறம் 48 கிளாக் திரும்ப சும்மா. இந்த 48க்கு பேர் பேக் போர்ச். கீழ்நோக்கியும் இதே கதைதான், 480 லைன் தெரிய 525 எண்ணணும். கிளாக் சரியா 25.175 மெகாஹெர்ட்ஸ் வேணும், ஆனா எஃப்பிஜிஏ போர்டுல ஈஸியா கிடைக்கிற 25 கொடுத்தாலும் நொடிக்கு 59.5 ஃப்ரேம் வருது, நான் போட்ட மானிட்டர் எல்லாமே ஏத்துக்கிச்சு.

```verilog
if (h == 799) begin
  h <= 0;
  v <= (v == 524) ? 0 : v + 1;
end else h <= h + 1;

hs  <= ~(h >= 656 && h < 752);
vs  <= ~(v >= 490 && v < 492);
rgb <= (h < 640 && v < 480) ? h[8:6] : 3'b000;
```

`h` லைன்ல எத்தனாவது கிளாக்னு எண்ணுது, `v` எத்தனாவது லைன்னு. `rgb`யோட மூணு பிட் வரிசையா சிவப்பு, பச்சை, நீலம். `h[8:6]` 64 பிக்சலுக்கு ஒரு தடவை மாறும், அதனால வகுத்தலே இல்லாம கலர் பட்டை வந்துடும். கறுப்பு, நீலம், பச்சைனு போய் எட்டாவது வெள்ளை, அப்புறம் திரும்ப கறுப்பும் நீலமும்.

நான் முதல்ல கடைசி வரில அந்த கண்டிஷனை போடல, தெரியாத இடத்துல என்ன கலர் போனா என்னன்னு விட்டுட்டேன். ஸ்க்ரீன்ல சிவப்பே இல்ல, மஞ்சள் பட்டை பச்சையா, வெள்ளை பட்டை சயானா நிக்குது. ரெசிஸ்டர் சால்டரிங்தான் போச்சுன்னு ஒரு ராத்திரி முழுக்க மல்டிமீட்டரோட உக்காந்திருந்தேன்.

விஷயம் என்னன்னா மானிட்டர் பேக் போர்ச் நேரத்துல வர்ற வோல்டேஜத்தான் கறுப்புன்னு எடுத்துக்குது, ஒவ்வொரு லைனுக்கும். என் கோடுல h 768ல இருந்து 799 வரைக்கும் `h[8:6]` 4, அதாவது சிவப்பு மட்டும் ஆன். அப்போ சிவப்போட முழு 0.7 வோல்ட்டையே அது பூஜ்யம்னு நினைச்சுக்கிச்சு, அதுக்கு மேல காட்ட ஒண்ணும் இல்ல. எந்த கலர் காணாம போகும்ங்கிறது அந்த மானிட்டர் பேக் போர்ச்ல எந்த இடத்துல அளக்குதுன்றதைப் பொறுத்தது, ஆனா ஒரு கலர் மொத்தமா செத்த மாதிரி இருந்தா வயரைத் தொடறதுக்கு முன்னாடி இந்த கண்டிஷனைப் பாருங்க.

இன்னொண்ணு, எல்சிடி மானிட்டர்ல ஆட்டோ அட்ஜஸ்ட் அமுக்கினா அது கறுப்பு இல்லாத முதல் பிக்சலைத்தான் படத்தோட இடது ஓரம்னு தேடும். நம்ம முதல் பட்டையே கறுப்பு, அதனால படம் 64 பிக்சல் இடது பக்கம் தள்ளிப் போயிடும். `h` 0 இல்லன்னா 639, `v` 0 இல்லன்னா 479, இதுல எது வந்தாலும் வெள்ளைனு ஒரு பார்டர் போட்டுட்டு அப்புறம் அமுக்குங்க, நாலு பக்கமும் அந்த ஒரு பிக்சல் கோடு தெரிஞ்சா உங்க எண்ணிக்கை சரி.