மஞ்சளை அவிப்பதும் மஞ்சளைக் 'குணப்படுத்துவதும்': சல்லடையில் எது தங்கியது, எது போனது

மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தமிழ் இணையப் பக்கங்களைத் திரட்டிச் சலிப்பது என் வேலை. கோயம்புத்தூரில் உட்கார்ந்து செய்கிறேன். சலிப்பதில் பெரிய பங்கு, இயந்திரம் தானாக எழுதிய பக்கங்களையும் இயந்திரம் மொழிபெயர்த்த பக்கங்களையும் கண்டுபிடித்து வெளியே தள்ளுவதுதான். அந்தச் சல்லடையே பிழை செய்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு மஞ்சள் பக்கங்கள் எனக்குக் காட்டின.

ஒன்று, சல்லடை 'நல்லது' என்று வைத்துக்கொண்ட பக்கம். அறுவடைக்குப் பின் மஞ்சளை என்ன செய்வது என்று பேசுகிறது: "மஞ்சளைக் குணப்படுத்துவதற்கு விரல்களையும் பல்புகளையும் தனித்தனியாகக் கொதிக்க வைக்க வேண்டும். குணப்படுத்துதல் முறையாக நடந்தால் மஞ்சளின் நிறம் மேம்படும்." இலக்கணத்தில் குறையே இல்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடும் என் பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "ஏங் கண்ணு, மஞ்சளுக்கு என்ன சீக்கு வந்துச்சு? எதுக்குக் கொணப்படுத்தோணும்?" என்றார்.

ஆங்கிலத்தில் மஞ்சளை அவித்துக் காயவைத்துப் பதப்படுத்துவதற்குச் சொல்லும் 'க்யூரிங்' என்ற சொல்லுக்கு நோயைக் குணமாக்குவது என்றும் பொருள் உண்டு. விரலி மஞ்சளை அங்கே 'விரல்' என்பார்கள், கிழங்கு மஞ்சளை 'பல்ப்' என்பார்கள். மொழிபெயர்ப்பு இயந்திரம் மூன்றிலும் தவறான பொருளை எடுத்துவிட்டது. விரலியும் கிழங்கும் தனித்தனியாக ஏலம் போகும் ஊரில் வளர்ந்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார்.

இரண்டாவது பக்கம், சல்லடை 'குப்பை' என்று ஒதுக்கியது. யாரோ ஒரு விவசாயி எழுதியது. "பொழுதோட கொப்பரையில தண்ணி ஊத்தி மஞ்சளப் போட்டு அவிக்கோணுமுங்க. நொரை கட்டி மஞ்ச வாசம் வந்ததும் ஒரு குச்சியில குத்திப் பாக்கோணும். குச்சி சுளுவா எறங்குச்சுன்னா வெந்துருச்சுங்க. அப்பறம் களத்துல காயப் போடறது." நுரை, வாசம், குச்சி இறங்குவது என்று மஞ்சள் வெந்ததற்கான மூன்று அடையாளங்களும் சரியாக இருக்கின்றன. போனது இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? பரவலாகப் புழங்கும் ஒரு முறை 2019இல் வந்த 'CCNet' என்ற தொகுப்பு வேலையிலிருந்து வந்தது. விக்கிப்பீடியா உரையை வைத்து ஒரு சிறிய மொழி மாதிரியைப் பழக்குவார்கள். அது முன்னால் வந்த துண்டுகளைப் பார்த்து அடுத்த துண்டு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கும். ஒரு பக்கத்தைப் படிக்கக் கொடுத்தால் எவ்வளவு திகைத்தது என்று ஓர் எண் சொல்லும். அந்த எண்தான் பெர்ப்ளெக்ஸிட்டி. எண் குறைவாக இருந்தால் விக்கிப்பீடியா போன்ற எழுத்து, அதிகமாக இருந்தால் அதிலிருந்து விலகிய எழுத்து. அந்த வரிசையில் பக்கங்களைத் தலை, நடு, வால் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வாலை வெட்டிவிடுவது பலருடைய வழக்கம்.

விக்கிப்பீடியாவைப் படித்த மாதிரிக்கு 'அவிக்க வேண்டும்' பழகிய தொடர். 'அவிக்கோணுமுங்க' என்று வந்தால் அந்தச் சொல்லையே சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றிலும் திகைக்கும். கொங்குத் தமிழில் எழுதிய பக்கத்தில் இந்தத் திகைப்பு வரிக்கு வரி சேர்ந்துகொண்டே போகும். மொழிபெயர்ப்பு இயந்திரமோ, ஒவ்வோர் இடத்திலும் அதிகம் வரக்கூடிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்படி பழக்கப்பட்டது. அதனால் அதன் வாக்கியம் இந்த மாதிரிக்கு எந்த அதிர்ச்சியும் தராது. 'குணப்படுத்துதல்' என்பது தமிழில் சாதாரணமான சொல். அது மஞ்சளுக்கு ஒட்டாது என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது.

இதே அளவை நேர் எதிர்த் திசையிலும் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னும் கவலை தருகிறது. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பல, பெர்ப்ளெக்ஸிட்டி குறைவாக இருந்தால் அதை இயந்திரம் எழுதியது என்கின்றன. 2023இல் வந்த ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தேர்வில் எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் மீது போட்டன. எளிய, பழகிய சொற்களில் எழுதியதுதான் காரணம். ஒரு சல்லடையில் எண் அதிகம் என்று விவசாயி வெளியே போகிறார், இன்னொன்றில் எண் குறைவு என்று மாணவர் வெளியே போகிறார். இரண்டிலும் அந்த எண், எழுதியது யார் என்று அளக்கவே இல்லை.

இந்தப் பிழை அறிக்கையில் தெரியாது என்பதுதான் சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதர் எழுதிய பக்கங்கள் 10 லட்சம், அதில் கொங்குப் பேச்சில் எழுதியவை 2,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,000இல் 1,200 தவறாகப் போய்விட்டன. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. ஆனால் மொத்தத்தில் அது 0.12 சதவீதம்தான். 'தவறாக நீக்கியது 2 சதவீதத்துக்குள்' என்று அறிக்கை வந்தால் எல்லோரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அதனால் இப்போது நாங்கள் சொல்லை வைத்துப் பார்க்கிறோம். வட்டாரச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, சலிப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை பக்கங்களில் இருக்கின்றன என்று எண்ணுகிறோம். வரிக்கு ஒரு பக்கமாக வைத்திருந்தால் இவ்வளவு போதும்:

```
grep -c -F 'இட்டேரி' before.txt
grep -c -F 'இட்டேரி' after.txt
```

இட்டேரி, ஒறம்பரை, கட்டுத்தரை, '-ஓணும்' என்று முடியும் வினைகள் எல்லாம் எங்கள் பட்டியலில் உண்டு. மொத்தப் பக்கங்களில் பத்தில் எட்டு தங்கி, 'இட்டேரி' உள்ளவற்றில் பத்தில் மூன்றுதான் தங்கியிருந்தால், சல்லடை எந்த இடத்தில் கடிக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணும் முன் யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 'கொ' போன்ற எழுத்துகளைச் சில பக்கங்களில் இரண்டு குறியீடாகவும் சிலவற்றில் மூன்றாகவும் சேமித்திருப்பார்கள், அந்தப் பக்கங்கள் எண்ணிக்கையில் விட்டுப்போகும்.

இயந்திரப் பக்கங்களைப் பிடிக்க எங்களுக்கு அதிகம் உதவுவது வாக்கியமல்ல, தளம். ஒரே பக்கம் முப்பது மொழிகளில் ஒரே முகவரி அமைப்பில், `/ta/`, `/sw/`, `/lt/` என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் ஏறியிருந்தால் இன்னும் அதிகமாக. தளத்தில் இருபது பக்கங்களை எடுத்து, அந்தத் துறை தெரிந்தவரிடம் படிக்கக் கொடுக்கிறோம். மஞ்சள் பக்கம் பெரியப்பாவிடம் போனது அப்படித்தான். அந்தத் தளத்தை முழுதாக நீக்கினோம். ஆனால் முப்பது மொழிகளில் மனிதர்களே எழுதும் தளங்களும் உண்டு, அவற்றை யாராவது கண்ணால் பார்த்துத்தான் காப்பாற்ற முடியும்.

எங்களுக்கு இன்னும் தீராத ஒரு வகை இருக்கிறது. போனில் பேசி, பேச்சை எழுத்தாக்கும் வசதியால் பதிவிடும் விவசாயிகள் நிறையப் பேர். 'கறவை மாடு' 'கரவை மாடு' ஆகியிருக்கும், முற்றுப்புள்ளியே இருக்காது, ஒரே சொல் இரண்டு முறை விழுந்திருக்கும். எழுத்தைப் போட்டது இயந்திரம், பேசியது மனிதர். வாலில் விழும் இந்தப் பக்கங்களை இப்போதைக்கு நீக்காமல் தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம். விவசாயியின் அந்த மஞ்சள் பக்கம் கிடைத்ததும் இந்தக் கோப்பிலிருந்துதான்.