ஆயிடை: அது இடைவெளி இல்லை

நீலகிரியில் குந்தா பக்கம் சீகை மரங்களை வெட்டிய இடத்தில் சோலைக் கன்றுகள் நடுவதற்காக நண்பர்கள் ஒரு நிதி விண்ணப்பம் தயாரித்தார்கள். அதன் தமிழ்ச் சுருக்கத்தை ஊர்க்கூட்டத்தில் வாசித்தபோது நானும் இருந்தேன். "ஓராண்டில் பிழைத்தவை 60 சதவீதம், 95% நம்பிக்கை இடைவெளி 45 முதல் 74 வரை" என்று வந்ததும், நாற்றங்காலில் பல வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, உங்களுக்கே நம்பிக்கையில இவ்வளவு இடைவெளி இருந்தா நாங்க எப்படி நம்புறது?" கூட்டம் சிரித்தது. வாசித்தவருக்குப் பதில் வரவில்லை. எனக்கு வந்த கோபமெல்லாம் 'இடைவெளி' என்ற அந்தச் சொல் மேல்தான். பாடநூலில், கருத்தரங்கில், மொழிபெயர்ப்பில் என்று எத்தனை தடவை கேட்டாயிற்று.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோதனையாக நட்ட நாற்பது கன்றை வைத்து எல்லாக் கன்றுகளையும் பற்றிப் பேசுகிறோம், ஆகவே ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. உண்மையான விகிதம் இங்கிருந்து இங்கு வரை எங்கேயும் இருக்கலாம் என்று இரண்டு எல்லை சொல்ல வேண்டும். 95% என்பது அந்த எல்லைகளைக் கணக்கிடும் முறையின் தரம்: அதே முறையில் நூறு தடவை சோதனை செய்தால் சுமார் தொண்ணூற்றைந்து தடவை உண்மை உள்ளே அகப்படும். இதற்கு 'கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்' என்று 1930-களில் பெயர் கொடுத்தவர் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன். அப்போதே லண்டன் புள்ளியியல் கூட்டத்தில் பௌலி என்பவர், இதில் இருப்பது நம்பிக்கையா நம்பிக்கை மோசடியா என்று கிண்டலடித்தார். ஆக, குந்தாப் பெரியவர் தனியாள் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் பின்பாதியான 'இன்டர்வெல்' லத்தீனிலிருந்து வந்தது, இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள இடம் என்று பொருள். அதைப் பார்த்துத்தான் இங்கே 'இடைவெளி' என்று போட்டிருக்க வேண்டும். சரி, மதிலுக்கு நடுவே வெளி இருக்கும்தான். ஆனால் தமிழில் இடைவெளி என்றால் ஒன்றும் இல்லாத இடம். பல்லுக்கு நடுவே இடைவெளி, தலைமுறை இடைவெளி, கொரோனா காலத்தில் தரையில் வட்டம் போட்டு நிற்கச் சொன்ன சமூக இடைவெளி, எல்லாமே விலகல்தான். இங்கே நாம் சொல்ல வருவது நேர் எதிர், உண்மை உள்ளே இருக்கலாம் என்று. அதை 'வெளி' என்று சொன்னால் கேட்பவர் மனதில் உண்மை வெளியே போய்விடுகிறது. கணித வகுப்பில் திறந்த இடைவெளி, மூடிய இடைவெளி என்று படித்தவர்களுக்கு இது உறுத்தாது, பழகிவிட்டது. பழகாதவர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் அன்று தெரிந்தது.

இதற்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் தொல்காப்பியப் பாயிரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடைத் தமிழ்கூறு நல்லுலகத்து'. வடக்கே ஒரு எல்லை, தெற்கே ஒரு எல்லை, நடுவே ஆயிடை. அங்கே வெற்றிடமா இருக்கிறது? ஊரும் மக்களும் மொழியும் இருக்கின்றன. இலங்கையில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் ஆயிடை, வகுப்பாயிடை என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். நாம் மட்டும் "அது செய்யுள் வழக்காச்சே" என்கிறோம். இதைச் சொல்லும் அதே ஆட்கள்தான் 'வீச்சு' என்று எழுதிக் குழப்புகிறார்கள். வீச்சு என்பது கையில் உள்ள தரவில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள தூரம், அளந்து பார்த்தது. ஆயிடை இன்னும் அளக்காததைப் பற்றிய கணிப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் விண்ணப்பத்தைப் படிப்பவர் ஏமாறுவார். முன்னால் ஒட்டிய 'நம்பிக்கை'யையும் நான் எடுத்துவிடுவேன். '95% ஆயிடை' போதும்.

சொல் சரியாகிவிட்டால் எண்ணும் சரியாகிவிடாது. அந்த விண்ணப்பத்தின் கதையே அதற்குச் சாட்சி. நான்கு இடத்தில் பத்துப் பத்தாக நாற்பது கன்று நட்டிருந்தார்கள். ஓராண்டு கழித்துப் போனபோது முப்பது கன்றின் அடையாள அட்டைதான் கிடைத்தது, அதில் இருபத்துநாலு உயிரோடு. முதல் வரைவில் "80% பிழைத்தன" என்று இருந்தது. முப்பதுக்கு இருபத்துநாலு, கணக்கு சரிதான். ஆனால் காணாமல் போன பத்தும் எங்கே? கடமான் தின்றிருக்கலாம், அட்டை மட்டும் கழன்று கன்று புல்லுக்குள் நிற்கலாம். நட்டது நாற்பது என்றால் வகுக்க வேண்டியதும் நாற்பதுதான். காணாததைச் செத்ததாகக் கொண்டால் 60%, விகிதத்துக்கு எல்லை கணக்கிடும் வில்சன் முறைப்படி 95% ஆயிடை 45 முதல் 74. இப்படித் திருத்திய பிறகுதான் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அதிலும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. நான்கு இடத்திலும் பிழைத்தவை 8, 7, 6, 3. வீச்சு என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம், 30% முதல் 80%. ஒரே இடத்தில் நிற்கும் பத்துக் கன்றும் ஒரே பனியைத்தான் வாங்குகின்றன, ஒன்று கருகினால் பக்கத்தில் இருப்பதும் கருகும். அவற்றைப் பத்துத் தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. நம்மிடம் இருப்பது நாலே சாட்சி. அப்படிக் கணக்கிட்டால் ஆயிடை 26 முதல் 94 வரை விரிகிறது. நண்பர் முகம் சுருங்கியது. "இதைப் போட்டா யாருங்க பணம் குடுப்பா?" என்றார்.

விண்ணப்பத்தில் முதற்கட்டத் தரவு என்று ஒரு பத்தி கேட்பதே எதற்கு? முடிவை முன்கூட்டியே நிரூபிப்பதற்கு இல்லை, இந்த வேலையை இவர்களால் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்கு. ஆங்கிலத்தில் 'ஃபீஸிபிலிட்டி' எனப்படும் இதை 'சாத்தியக்கூறு' என்று மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, ஏதோ ஜோசியம் மாதிரி ஆக்கிவைத்திருக்கிறோம். 'செய்யமுடிமை' என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன், அதற்குச் சாத்தியக்கூறே தேவலை. கடைசியில் பத்தியை இப்படி மாற்றினோம்:

"நான்கு இடங்களில் 40 கன்றுகள் நட்டோம். ஓராண்டில் 30 கன்றுகளின் அட்டைகள் கிடைத்தன, 24 கன்றுகள் உயிரோடு இருந்தன. கிடைக்காதவற்றை இறந்தவையாகக் கொண்டால் பிழைப்பு 60% (இடவாரியாகக் கணக்கிட்ட 95% ஆயிடை: 26% முதல் 94%). கன்று வளர்ப்பதும் நடுவதும் ஓராண்டு கழித்து எண்ணுவதும் எங்களால் முடியும் என்பதை இது காட்டுகிறது. பிழைப்பு விகிதத்தைத் துல்லியமாகக் காட்டவில்லை. ஆகவே இடங்களை 4-லிருந்து 24 ஆக்குகிறோம், அட்டைகளை அலுமினியத்துக்கு மாற்றுகிறோம்."

அகலமான ஆயிடைதான் இங்கே பணம் கேட்பதற்கே காரணம். ஒரு இடத்தில் பத்துக்குப் பதில் ஐம்பது கன்று நட்டாலும் அந்த அகலம் பெரிதாகக் குறையாது, இடங்கள் கூடினால்தான் குறையும். அதைப் படிப்பவருக்குச் சொல்லாமல் 80% என்று போட்டிருந்தால், நல்ல மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது நாற்பதில் மீதிப் பத்து எங்கே என்றுதான்.

அடுத்த கூட்டத்தில் இதையே வாசித்தார்கள், 'ஆயிடை'யை ஒரு வரியில் விளக்கிவிட்டு. பெரியவர் இந்தத் தடவை சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மூணு மட்டும் பிழைச்ச இடம் எது?" என்றார். பள்ளத்துப் புல்வெளி ஓரம் என்றதும், "ராத்திரி குளிர் பூரா அங்கதான் இறங்கி நிக்கும், அங்க எதுக்குத் தம்பி நட்டீங்க?" என்றார். இருபத்துநாலு இடத்தில் எத்தனை பள்ளம், எத்தனை மேடு என்று பிரித்து எழுதாமல் விட்டிருந்தோம். அன்று ராத்திரியே அதையும் சேர்த்தார்கள்.