கந்தகம் எட்டு எட்டா கூடியிருக்கிறது கொதிக்க வச்சா தெரியும்

கந்தகத்தோட அணு எடை 32. ஆனா கரைசல்ல அது தனித்தனி அணுவா இருக்கா, கூட்டமா இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? இதுக்கு 19ஆம் நூற்றாண்டு ஆளுங்க கையில இருந்தது ஒரு அடுப்பும் தெர்மாமீட்டரும்தான்.

தண்ணில கந்தகம் கரையாது, அதனால கார்பன் டைசல்ஃபைடு எடுத்துக்குவோம், அது சுமார் 46 டிகிரிலயே கொதிச்சிரும். அதுல கந்தகத்தை கரைச்சா அந்த சூட்டுல கந்தகம் ஆவியாகாது, திரவத்துக்குள்ளயே கிடக்கும், அதனால கரைப்பானோட ஆவியழுத்தம் குறையுது, வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு ஈடாகணும்னா இன்னும் கொஞ்சம் சூடு வேணும். எவ்ளோ கூடும்ங்கறது உள்ள எத்தனை துகள் இருக்குங்கறதைத்தான் பொறுத்தது, அது என்ன பொருள்னு கரைப்பானுக்கு கவலையே இல்ல. 1 கிலோ கார்பன் டைசல்ஃபைடுல 1 மோல் துகள் இருந்தா ஏறுற கணக்கு சுமார் 2.34 டிகிரி, இதுதான் Kb.

இப்ப 50 கிராம் கரைப்பான்ல 1.28 கிராம் கந்தகம் போட்டு, கொதிநிலை 0.23 டிகிரி ஏறுச்சுன்னு வச்சுக்குங்க. கீழ இருக்கற கணக்குல M மூலக்கூறு எடை, ΔT கொதிநிலை ஏறுன அளவு.

```
M = Kb × கரைபொருள் × 1000 / (கரைப்பான் × ΔT)
M = 2.34 × 1.28 × 1000 / (50 × 0.23) ≈ 260
```

260ஐ 32ஆல வகுத்தா 8.1. அணு பாதியா இருக்காதுல்ல, அப்போ எட்டுதான், S8. தனித்தனி அணுவா இருந்திருந்தா கிட்டத்தட்ட 1.9 டிகிரி ஏறியிருக்கணும்.

கேக்க சுலபம், அளக்கறதுதான் தலைவலி. 0.01 டிகிரி தப்பா படிச்சாலே விடை 11, 12 தள்ளிப்போகும், அதனாலதான் ஜெர்மன் வேதியியலாளர் பெக்மன் ஒரு சில டிகிரி மட்டும் காட்டுற, ஒவ்வொரு டிகிரியையும் நூறா பிரிச்ச தெர்மாமீட்டர் செஞ்சார். அதை எங்க வைக்கிறதுன்னு இன்னொரு சிக்கல். ஆவில வச்சா கண்ணாடி மேல சுத்தமான கரைப்பான் படிஞ்சு பழைய கொதிநிலையையே காட்டும், திரவத்துல முக்கினா அது கொதிக்காமலே அளவுக்கு மீறி சூடேறி ஏமாத்தும். காட்ரெல் பம்ப்ங்கற கண்ணாடிக்குழாய் கொதிக்கிற திரவத்தையும் ஆவியையும் சேர்த்து தெர்மாமீட்டர் மேல பீச்சும், அப்பதான் சரியான அளவு நிக்கும். இன்னொண்ணு, கரைப்பான்ல கொஞ்சம் ஆவியா மேல போயிட்டா கரைசல் கெட்டியாகி ஏற்றம் கூடும், மூலக்கூறு எடை குறைவா வந்துரும். (கார்பன் டைசல்ஃபைடு நெருப்பே இல்லாம சூடான தட்டு பட்டாலே பத்திக்கும், வீட்ல முயற்சி பண்ணாதீங்க.)

எடை தெரிஞ்ச பொருளை வச்சு இதை திருப்பியும் போடலாம். பென்சாயிக் அமிலத்தோட மூலக்கூறு எடை 122, ஆனா பென்சீன்ல கரைச்சு அளந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டும். அளவு தப்பில்ல, அங்க அந்த மூலக்கூறுங்க பெரும்பாலும் ஜோடி ஜோடியாத்தான் கைகோத்து திரியுது.