சர்வரில் ரீசெட் அடிக்கும் முன் அதன் ஐபியைக் குறித்துவையுங்கள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. திருப்பூரில் நான் வழக்கமாகப் பார்க்கும் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து போன். "அண்ணா, கொஞ்சம் உடனே வர்றீங்களா? சர்வர் எந்தச் சிஸ்டத்துலயும் வரமாட்டீங்குதுங்க. தூத்துக்குடி லோடு ஏத்தி லாரி வாசல்ல நிக்குது, பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியலைங்ணா."

வண்டியை எடுக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே மாதத்தில் இந்த மாதிரி வரும் மூன்றாவது போன் இது. போய் நின்றதும் முதலில் கேட்டேன்: "யாராவது கமாண்ட் அடிச்சீங்களாம்மா?" அந்தப் பெண் தயங்கிக்கொண்டே தலையாட்டியது. காலையில் அதன் கம்ப்யூட்டரில் மட்டும் பிரௌசர் திறக்கவில்லை. வீடியோ ஒன்றில் சொன்ன இரண்டு கமாண்டையும் அடித்திருக்கிறது. சரியாகவில்லை. "சர்வர்ல பிரச்சனையோ என்னமோ" என்று அங்கேயும் போய் அடித்து, வீடியோவில் சொன்னபடியே ரீஸ்டார்ட்டும் கொடுத்துவிட்டது. அந்த இரண்டு கமாண்ட் இவை:

```
netsh winsock reset
netsh int ip reset
```

வீடியோக்கள் இவற்றை ஒரு மூச்சில் சேர்த்தே சொல்கின்றன. இரண்டும் செய்வது வெவ்வேறு வேலை.

வின்சாக் என்பது பிரௌசர், டேலி, மெயில் மாதிரியான புரோகிராம்கள் நெட்வொர்க்கோடு பேசப் போகும் வாசல். அந்த வாசலில் யார் யார் நடுவில் நிற்கலாம் என்று விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பழைய ஆன்டிவைரஸ், தளங்களைத் தடுக்கும் மென்பொருள், விளம்பர வைரஸ் எல்லாம் அதில் தங்களைச் சொருகிக்கொள்ளும். மென்பொருளைப் பாதியாக நீக்கினால் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்காது. அப்போது அந்த வாசலில் யாராலும் நுழைய முடியாது. முதல் கமாண்ட் அந்தப் பட்டியலை விண்டோஸ் முதலில் கொடுத்த நிலைக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது கமாண்ட் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் டிசிபி ஐபி அமைப்புகளைத் திரும்ப எழுதுகிறது. கம்ப்யூட்டரின் எண்ணான ஐபி, வெளியே போகும் வழியான கேட்வே, தளத்தின் பெயரை எண்ணாக்கிக் கொடுக்கும் டிஎன்எஸ் என்று நீங்கள் கையால் கொடுத்த மூன்றும் அதோடு போய்விடும். ரவுட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் நிலைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிடும். வீட்டு லேப்டாப்பில் இது யாருக்கும் தெரியாது. அங்கே முதலிலிருந்தே ரவுட்டர்தான் ஐபி கொடுக்கிறது.

இந்தக் கம்பெனியில் நடந்தது இதுதான். சர்வரின் ஐபி 192.168.1.50. ரீசெட்டுக்குப் பிறகு ரவுட்டர் அதற்கு 192.168.1.107 கொடுத்துவிட்டது. சர்வரில் இன்டர்நெட் நன்றாக வந்ததால் அங்கே கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மற்ற ஆறு கம்ப்யூட்டரும் பழைய 50-ஐயே தேடிக்கொண்டிருந்தன. பழைய எண்ணை எழுதி வைத்தவர் யாருமில்லை. ஒரு கம்ப்யூட்டரின் மேப் டிரைவில் `\\192.168.1.50` என்று இருந்ததால் பிழைத்தோம். அதைத் திரும்பக் கொடுத்த மறு நிமிஷம் பேக்கிங் லிஸ்ட் பிரிண்டரில் வந்தது.

அப்புறம்தான் காலையில் கெட்ட கம்ப்யூட்டர் பக்கம் போனேன். அதில் கமாண்ட் ஓடவே இல்லை! சாதாரணமாகத் திறந்த விண்டோவில் அடித்ததால் திரையில் இந்த வரி வந்திருக்கிறது, அந்தப் பெண் அதைப் படிக்கவில்லை:

```
The requested operation requires elevation (Run as administrator).
```

சர்வரில் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே உட்கார்ந்திருந்ததால் அங்கே ஓடிவிட்டது. நோய் இருந்த இடத்தில் மருந்து போகவில்லை, நன்றாக இருந்த இடத்தில் போய்விட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் `ping 8.8.8.8` அடித்தேன், பதில் வந்தது. பிரௌசரில் 192.168.1.1 என்று ரவுட்டரின் பக்கத்தையே கேட்டேன், திறக்கவில்லை. வின்சாக் மேல் சந்தேகப்பட வேண்டிய அடையாளம் இந்த ஜோடிதான். பிங் அந்த வாசல் வழியாகப் போவதில்லை, பிரௌசர் போகிறது. பிங்குக்குப் பதில் வந்து, ரவுட்டர் பக்கமும் எண்ணில் திறந்து, தளங்கள் பெயரில் மட்டும் திறக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ் கோளாறு. அதற்கு `ipconfig /flushdns` முதலில் போதும். `netsh winsock show catalog` கொடுத்துப் பார்த்ததில் Layered Chain Entry என்று ஒரு வரி. அது காட்டிய ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லை. தளங்களைத் தடுக்கும் பழைய மென்பொருள் ஒன்றை முந்தின நாள் அந்தப் பெண் நீக்கியிருந்தது. முதல் கமாண்ட் மட்டும் அட்மினாகக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ததும் பிரௌசர் திறந்தது. ஐபி ரீசெட் அங்கே தேவையே படவில்லை.

இனி எனக்கு ஆத்திரம் வரும் விஷயம். "இந்த ரெண்டு கமாண்ட் அடிச்சா நெட் ஸ்பீடு ஆகும்" என்று ஒரு நம்பிக்கை இந்த ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆகாது. உடைந்த பட்டியலைச் சரிசெய்வது வேறு, வேகம் வேறு. நெட் வந்துகொண்டிருக்கிறது என்றாலே வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்த வாசலைத் திரும்பத் திறப்பதால் அகலமாகிவிடாது. ரீசெட்டுக்குப் பிறகு வேகம் கூடின மாதிரி தெரிந்தால், கூடவே நடந்த ரீஸ்டார்ட்டுக்கு அந்தப் பெருமையைக் கொடுங்கள். உங்கள் லைனில் வருவது 40 எம்பிபிஎஸ் என்றால் எந்தக் கமாண்டும் அதை 41 ஆக்காது. மாதம் ஒருமுறை "சர்வீஸ்" மாதிரி இதை அடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கமாண்ட் பக்கம் போகும் முன் அதே வைஃபையில் இருக்கும் போனில் நெட் வருகிறதா பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ லைனிலோ இருக்கிறது, விண்டோஸை விட்டுவிடுங்கள். பிரௌசர் மட்டும் திறக்காமல் இருந்தால் செட்டிங்ஸில் பிராக்ஸி யாராவது ஆன் செய்திருக்கிறார்களா பாருங்கள். வின்சாக் ரீசெட் அதைத் தொடாது. விண்டோஸ் 10, 11-இல் வரும் புது ஆன்டிவைரஸ்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லாமல் வேறு வழியில் உட்காருகின்றன. அவற்றின் மிச்சத்தை எடுக்க அந்தந்த நிறுவனம் கொடுக்கும் நீக்கும் கருவிதான் வேண்டும்.

இரண்டாவது கமாண்ட் எப்போது என்றால், ஐபி 169.254 என்று ஆரம்பித்து, கேபிளை மாற்றியும், `ipconfig /release`, `ipconfig /renew` இரண்டும் கொடுத்தும் மாறாமல், அதே கேபிளில் வேறு கம்ப்யூட்டருக்குச் சரியான ஐபி கிடைக்கும்போது. அப்போதும் முதலில் அட்மினாகத் திறந்த விண்டோவில் இதை அடியுங்கள்:

```
ipconfig /all > C:\ip.txt
```

அந்த ஃபைலைத் திறந்து போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஐபி ரீசெட் கொடுக்கும்போது நடுவில் ஒரு வரி மட்டும் Access is denied என்று வந்தால் பதறி ரெஜிஸ்ட்ரியில் அனுமதி மாற்றப் போகாதீர்கள். OK என்று வந்த மற்ற வரிகள் வேலை செய்திருக்கும், ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கம்ப்யூட்டர் ஷட் டவுனில் முழுதாக அணைவதில்லை, பழைய நிலையிலேயே எழுந்திருக்கும். "அடிச்சேன், ஒண்ணும் ஆகலைங்க" என்று வரும் போன்களில் பல இங்கேதான் முடிகின்றன.

சர்வராக இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் ஐபி ரீசெட்டை நீங்களாக அடிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அதன் ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி கேபினட்டிலேயே ஒட்டிவையுங்கள். அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமையே ஒட்டிவிட்டோம்.