அனைவருக்கும் அடிப்படை வருமானம்: ‘உலகளாவிய’ எங்கிருந்து வந்தது?

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரையுள்ள ஊர்களில், தமிழ் பேசும் நாங்கள் தமிழ்ச் செய்தித்தாளையும் மலையாளச் செய்தித்தாளையும் அருகருகே வைத்துப் படித்துப் பழகியவர்கள். ஒரே செய்தி இரண்டிலும் வரும்போது மொழிபெயர்ப்பின் மேடுபள்ளம் தானாகவே கண்ணில் படும். மக்கள் ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றித் தவறாமல் பணம் தரும் ‘யுனிவர்சல் பேசிக் இன்கம்’ என்னும் கருத்தை மலையாளத் தாள் ‘சார்வத்ரிக அடிஸ்தான வருமானம்’ என்று எழுத, தமிழ்த் தாள் ‘உலகளாவிய அடிப்படை வருமானம்’ என்று எழுதியிருந்தது. வாயனசாலை என்னும் ஊர்ப் படிப்பகத்தில் அதைப் படித்துக்காட்டியபோது பெரியவர் ஒருவர், “உலகம் பூராவும் குடுக்கிறதுன்னா காசு யாரு குடுப்பாங்க, ஐ.நா. சபையா?” என்று கேட்டார். சிரித்துவிட்டோமே தவிர, பிழை அவருடையது அன்று. அந்தத் தமிழ்ச் சொல் சொன்னதைத்தான் அவர் புரிந்துகொண்டிருந்தார்.

‘யுனிவர்சல்’ என்பதன் வேர் இலத்தீனின் ‘யுனிவர்சுஸ்’. ஒன்றாகத் திரட்டப்பட்டது, எஞ்சாமல் முழுவதும் என்பது அதன் பொருள். எந்தத் திரளை எஞ்சாமல் என்பதை அந்தச் சொல் தானே சொல்வதில்லை. அது நிற்கும் இடம்தான் சொல்லும். வாக்குரிமையோடு வரும்போது ‘வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை’ என்று நாம் சரியாகவே எழுதுகிறோம். அதைப் பொதுவாக உலகளாவிய வாக்குரிமை என்று எழுதுவதில்லை. அடிப்படை வருமானத்திலும் திரள் என்பது ஒரு நாட்டின் அல்லது ஒரு ஊரின் மக்கள். அவர்களில் ஒருவரும் விடுபடக்கூடாது என்பதே கருத்து. ஆகவே இடத்தைக் குறிக்கும் ‘உலகளாவிய’ இங்கே பொருந்தாது. ஆட்களைக் குறிக்கும் ‘அனைவருக்கும்’ அல்லது ‘அனைவருக்குமான’ என்பதே பொருந்தும். மலையாளத்தின் ‘சார்வத்ரிகம்’ கூட ‘எங்கும்’ என்னும் பொருளுடைய ‘சர்வத்ர’ என்னும் வடசொல்லில் பிறந்ததுதான். ஆனால் அங்கே நெடுநாள் வழக்கு அதை ‘எல்லோருக்கும்’ என்ற பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.

‘அடிப்படை’ என்பதில் சிக்கல் இல்லை. அடியில் இருக்கும் படை, அதாவது அடுக்கு. அதன்மேல் அவரவர் உழைத்து ஈட்டுவது ஏறி அமரலாம் என்பதையே ஆங்கிலச் சொல்லும் சொல்கிறது. வேலை கிடைத்ததும் நின்றுவிடும் தொகைக்கு இந்தப் பெயர் பொருந்தாது. ‘வருமானம்’, ‘வருவாய்’ இரண்டில் முன்னதையே நான் விரும்புகிறேன். வருவாய்த் துறை, வருவாய்ப் பற்றாக்குறை என்று அரசின் பக்கம் ‘வருவாய்’ போய்விட்டது. தனியாளின் கைக்கு வருவதை வருமான வரிக்காரர்கள்கூட ‘வருமானம்’ என்றே சொல்கிறார்கள். (பொருள் வரும் வழிக்குக் குறள் ‘ஆகாறு’ என்ற அழகான சொல்லை வைத்திருக்கிறது. ஆனால் இன்று அதை எழுதினால், விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்படும்.)

கருத்தின் பிறப்பு சொல்லைவிட மூத்தது. 1797இல் அரசியல் சிந்தனையாளர் தாமஸ் பெய்ன் வெளியிட்ட ‘வேளாண் நீதி’ என்னும் சிறுநூல், 21 வயதை எட்டும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டும், 50 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுண்டும், ஏழை பணக்காரர் என்று பாராமல் தரவேண்டும் என்றது. நிலம் இயல்பில் எல்லோருக்கும் பொது. சிலர் அதை வேலியிட்டுத் தமதாக்கிக்கொண்டதால் மற்றவர்கள் இழந்ததற்கு இது ஈடு. ஆதலால் இது தருமம் அன்று, உரிமை என்பது அவர் வாதம். இன்று நாம் பொருள்கொள்ளும் வடிவத்துக்கு வரையறை தந்தது, 1986இல் பெல்ஜியத்தின் லூவேன்-ல-நெவ்வில் ஆய்வாளர்கள் கூடித் தொடங்கிய ‘பியென்’ என்னும் அடிப்படை வருமான வலையமைப்பு. குறித்த இடைவெளிதோறும், பணமாக, குடும்பத்துக்கன்றித் தனியாளுக்கு, எல்லோருக்கும், வசதியை அளக்காமலும் வேலை செய்யச் சொல்லாமலும் தருவது என்பது அந்த வரையறை. அவ்வமைப்பின் பெயரில் ‘யுனிவர்சல்’ இல்லை என்பதைக் கவனிக்கலாம். ‘எல்லோருக்கும்’ என்பது வரையறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. வேலை வேண்டாம், வசதியைக் கேட்கவேண்டாம் என்னும் கடைசிப் பகுதிதான் ‘நிபந்தனையற்ற’ என்று தமிழில் வருகிறது. மலையாளத்தில் அதற்கு ‘உபாதிரஹிதம்’ என்றும் சொல்வதுண்டு. தமிழ்க் காதுக்கு அது ‘உபாதை இல்லாதது’ என்று கேட்கும். எங்கள் பக்கத்தில் நிபந்தனை எப்படி நடைமுறையாகிறது என்று பார்த்தால் அந்தக் கேட்புப்பிழையும் முழுப்பிழை இல்லை என்று தோன்றுகிறது.

முதியோர், கைம்பெண்கள் போன்றோருக்குக் கேரள அரசு தரும் க்ஷேமப் பென்ஷன் 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். அதைப் பெறக் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. பயனாளி உயிரோடிருப்பதை உறுதிப்படுத்த, அட்சயா என்னும் அரசு இணையச்சேவை மையத்தில் விரலையோ கண்ணையோ பதியும் ‘மஸ்டரிங்’ உண்டு. மண்வெட்டியும் களைக்கொத்தும் பிடித்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் திருப்பியனுப்பினால், வாழ்வுச் சான்றிதழுக்கு இன்னொரு நடை. இத்தனை வடிகட்டலுக்கும் பிறகு, 1,458 அரசு ஊழியர்கள் அந்தப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்ததை 2024 நவம்பரில் மாநில நிதித் துறையே கண்டறிந்தது. வாளையாறுக்கு அப்பால், தமிழ்நாட்டில், 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ‘உதவித் தொகை’ என்னாமல் ‘உரிமைத் தொகை’ என்றது பெய்ன் சொன்ன பக்கம் சாயும் நல்ல சொல்லாட்சி. ஆனால் அங்கும் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத்தான். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 அலகுக்குள் இருக்கவேண்டும். இரண்டு தொகைகளும் நிபந்தனை உடையவை. இரண்டுமே அடிப்படை வருமானம் அல்ல.

‘அனைவருக்கும்’ என்ற சொல் எங்கே நழுவுகிறது என்பதற்கு 2016-17ஆம் ஆண்டின் இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை நல்ல சான்று. அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் வந்த அதில் இதற்கென ஒரு தனி அத்தியாயமே உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று அது கணக்கிட்டது. ஆனால் மக்களில் 75 விழுக்காட்டினருக்குத்தான் அது போகும் என்று வைத்துக்கொண்டு, செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 விழுக்காடு என்றது. இதை இருக்கும் திட்டங்களின் மேல் கூட்டாமல், அவற்றில் பலவற்றுக்கு மாற்றாக வைத்துப் பேசியது. மாற்றா, கூடுதலா என்பதே இந்த விவாதத்தின் உண்மையான முடிச்சு என்பது என் கருத்து. பணம் தந்தால் மக்கள் சோம்பேறியாவார்களா என்ற சண்டை அதற்குப் பிறகுதான்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள் உள்ள எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று. ஆளுக்கு 7,620 என்றால் மாதம் 635. ஐவருக்கும் சேர்த்து 3,175 ரூபாய். பாட்டியின் பென்ஷன் 2,000 தொடர்ந்தால் வீட்டுக்கு வருவது 5,175. பென்ஷனை நிறுத்திவிட்டு இதைத் தந்தால் வீட்டுக்கு 3,175. முன்பைவிட 1,175 அதிகம்தான். ஆனால் பாட்டியின் கையில் இருந்த 2,000 ரூபாய் 635 ஆகிவிடும். குடும்பத்தின் கூட்டுத்தொகையைப் பார்ப்பவருக்கு ஆதாயமாகவும், பாட்டிக்கு நட்டமாகவும் ஒரே திட்டம் தெரிகிறது. 7,620 என்பது 2016-17இன் விலைவாசிக்குப் போட்ட எண், இன்று அதை உயர்த்தவேண்டும் என்பது மெய்யே; உயர்த்தினாலும் இருப்பதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் சமமாகப் பரப்பும்போது, இதுவரை தனியாகப் பெற்றுவந்தவர் குறைந்துபோகும் இயல்பு மாறாது.

இந்த அச்சம் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் எழுந்தது. 2011இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் நிதியுடன் எட்டு ஊர்களில் நடத்திய சோதனையில், ஊரில் இருந்த ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றிப் பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 ரூபாய் தரப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அது 300, 150 ஆனது. ரேஷன் போய்விடுமோ என்று தொடக்கத்தில் தயங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே எதையும் நிறுத்தவில்லை, அது கூடுதல் தொகை. பணம் வந்தால் வேலைக்குப் போகமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, கூலிவேலையிலிருந்து சொந்த நிலத்து வேலைக்கும் சிறுதொழிலுக்கும் பலர் நகர்ந்ததாக முடிவுகள் காட்டின. கூலிக்கு ஆள் தேடும் பண்ணைக்காரருக்கு அதுவே வேலைக்கு வராததாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒன்றிரண்டு ஆண்டுச் சோதனையை வைத்து, வாழ்நாள் முழுதும் பணம் வரும் என்று தெரிந்தவர் எப்படி நடந்துகொள்வார் என்று அறுதியிட முடியாது என்பதும் எதிர்த்தரப்பின் நியாயமான வாதம்.

‘நிலையான தொகை’ என்னும் தொடரிலும் ஒரு கண்ணி உண்டு. ஈரான் 2010 இறுதியில் எரிபொருள், ரொட்டி ஆகியவற்றின் மானியத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் தரத் தொடங்கியது. தொகை அப்படியே நின்றது, விலைகள் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பணத்தின் வாங்கும் ஆற்றல் பெருமளவு கரைந்துவிட்டது. ஆகவே தமிழில் ‘நிலையான’ என்று எழுதும்போது, தவறாமல் வருவது என்ற பொருளில்தான் எழுதவேண்டும். மாறாத எண் என்ற பொருள் அதில் ஏறிவிடக் கூடாது.

பெயர் நீர்த்துப்போகாமல் காப்பதற்கு, அரைகுறைத் திட்டங்களுக்கு வேறு பெயர் வைப்பதே வழி. பின்லாந்து 2017, 2018 ஆண்டுகளில் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ தந்தது. வேலை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை, எனவே அது நிபந்தனையற்றதுதான். ஆனால் அவர்கள் அனைவரும் வேலையற்றோரிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், ஆகையால் ‘வேலையற்றோர்க்கான நிபந்தனையற்ற வருமானம்’ என்பது சரி. 2019 தேர்தலின்போது காங்கிரஸ் அறிவித்த, ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்பதைக் ‘குறைந்தபட்ச வருமான உறுதி’ என்று எழுதவேண்டும். வறியவரைத் தேர்ந்தெடுத்த பிறகே அது தொடங்குகிறது. முக்கால்வாசிப் பேருக்குத் தருவதை ‘பெரும்பாலோர்க்கு அடிப்படை வருமானம்’ எனலாம். ரேஷனுக்கு மஞ்சள் கார்டு, பிங்க் கார்டு, நீலக் கார்டு, வெள்ளைக் கார்டு என்று வீடுகளைப் பிரித்தறியும் எங்கள் ஊரில், நான்கு நிறக் கார்டிலும் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பணம் வந்தால் மட்டுமே அதை ‘அனைவருக்கும் அடிப்படை வருமானம்’ என்று அழைக்கலாம்.