தாமதம் என்றதும் ஏன் ‘ரெஸ்பெக்டட் மேடம்’?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், சரக்கு வாங்கும் பையருக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு, வந்த பதிலையும் சேர்த்து எனக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். “ஏன் சார், இத்தனை நாள் நல்லாத்தானே பேசினாங்க, திடீர்னு இப்படி மாறிட்டாங்க?” என்று ஒரு கேள்வி. ஏற்றுமதி நிறுவனங்களில் பிசினஸ் இங்கிலீஷ் பயிற்சி தருவது என் வேலை. ஆள் மாறுகிறார், ஆர்டர் மாறுகிறது, மெயில் மட்டும் மாறுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

12,000 போலோ டி-ஷர்ட், லண்டன் பையர். சாம்பிள் தொடங்கிய நாளிலிருந்து இருவரும் ‘ஹாய்’ போட்டு முதல் பெயரில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி, பையர் ஒப்புதல் தந்த லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டின் நிறத்தோடு ஒத்துவரவில்லை. பாதிக்கு மேல் மறுபடி சாயமேற்ற வேண்டும். 10 நாள் தாமதம். நம் ஆள் பயந்துபோய் எழுதினார்: “ரெஸ்பெக்டட் மேடம், வித் டியூ ரெஸ்பெக்ட் வி வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்...” எத்தனை நாள் தாமதம் என்பது நான்காவது பத்தியில்தான் வருகிறது. கடைசி வரியில், “எக்ஸ்ட்ரீம்லி சாரி, இட் இஸ் அவர் மிஸ்டேக்.”

பதில் மூன்றே வரி. மேலே ‘டியர் மிஸ்டர்’. சோர்சிங் மேனேஜருக்கு சிசி. தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டதால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு உங்களுடையது.

நல்ல வேடிக்கை. தலைப்பகுதி கோர்ட்டுக்குப் போகும் கடிதம் மாதிரி, வால் பகுதி நண்பரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி. சாதாரணமாகப் பேச வேண்டிய இடத்தில் ஃபார்மல், கவனமாக எழுத வேண்டிய இடத்தில் உருக்கம்.

இதற்கெல்லாம் வேர் பள்ளியில் எழுதிய லீவ் லெட்டர். பெரியவருக்கு எழுதினால் ஃபார்மல், சமமானவருக்கு எழுதினால் செமி ஃபார்மல் என்று மனதில் பதிந்துவிட்டது. “அவங்க பெரிய போஸ்ட்ல இருக்காங்க சார், ஹாய்னு எப்படிங்க சார் போடறது?” என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. தமிழில் நீ, நீங்கள் என்பது எதிரில் இருப்பவரின் வயதையும் பதவியையும் பார்த்து வரும். அதே கணக்கை அப்படியே இங்கிலீஷில் போடாதீர்கள். அங்கே ஃபார்மல் நடை காட்டுவது இருவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர் இன்று பத்தடி தள்ளி நின்று பேசினால் என்ன தோன்றும்? மரியாதை கூடிவிட்டது என்றா தோன்றும்? எதையோ மறைக்கிறார், பின்னால் வக்கீல் இருக்கிறார் என்றுதான் தோன்றும். இன்னும் ஒரு முறை சொல்கிறேன், வகுப்பிலும் இப்படித்தான் சொல்லிச் சொல்லித் தொண்டை போகிறது: பையர் கம்பெனியின் டைரக்டரே ஆனாலும், அவர் உங்களுக்கு ‘ஹாய்’ போட்டுத் தன் முதல் பெயரில் முடித்தால், நீங்கள் ‘ரெஸ்பெக்டட் சார்’ போடுவது மரியாதை ஆகாது. அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டது ஆகும்.

சரி, எப்படி முடிவு செய்வது? முதலில் அவர் கடைசியாக எழுதிய மெயிலின் அடியைப் பாருங்கள். கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் சிக்னேச்சரில் முழுப் பெயரும் பதவியும் இருக்கும், அது கணக்கில் இல்லை. அதற்கு மேலே அவர் கையால் தட்டிய பெயர் எது? முதல் பெயர் மட்டும் என்றால் உங்களையும் அப்படியே அழைக்கச் சொல்கிறார். முழுப் பெயர் என்றால் மிஸ்டர், மிஸ் போட்டுக் குடும்பப் பெயரில் எழுதுங்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முதல் மெயிலிலேயே முதல் பெயருக்கு வந்துவிடுவார்கள். ஜெர்மன் பையர்கள் பலர் மெதுவாகத்தான் வருவார்கள். டாக்டர் பட்டம் இருந்தால் அதை விடாதீர்கள், அவர்களாக இறங்கிவரும்வரை காத்திருங்கள்.

அடுத்தது, இந்த மெயிலை அவரைத் தவிர யார் படிப்பார்கள்? பணம், தேதி, தரம் இந்த மூன்றில் ஒன்று மாறுகிறது என்றால், உங்களை அறியாத ஒருவர் அதைப் படிப்பார். அக்கவுண்ட்ஸ் ஆள், சோர்சிங் மேனேஜர், சிக்கல் முற்றினால் வக்கீல். அவர்களுக்கு உங்கள் சிரிப்பும் தெரியாது, பழைய பேச்சும் தெரியாது. அந்தப் பகுதி ஃபார்மலாக இருந்தே ஆகவேண்டும். (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதமான எல்.சி.யில் திருத்தம் கேட்டு வங்கிக்குப் போகும் கடிதத்தில் இந்த யோசனையே வேண்டாம். மேனேஜர் உங்கள் மாமாவாக இருந்தாலும் ஃபார்மல்தான்.)

ஆக, இந்தத் தாமத விஷயத்தில் இரண்டு நடையும் தேவை. ஒரே மெயிலில் கலக்கக் கூடாது, பிரித்து எழுத வேண்டும். மெயிலில் நான்கு வரி, வழக்கமான செமி ஃபார்மல் நடை: ஹாய், முதல் பெயர். இரண்டாவது வரியிலேயே செய்தி, அதாவது நிறம் ஒத்துவராததால் ஒரு பகுதிச் சரக்கு 10 நாள் தள்ளிப்போகிறது. 5,000 பீஸ் பழைய தேதியிலேயே தயார். முறையான கடிதம் இணைப்பில் இருக்கிறது, இன்று ஒரு கால் பேசலாமா என்று ‘குட் வி’ போட்டுக் கேளுங்கள். ‘வி ஆர்’ என்பதை ‘வியர்’ என்று சுருக்கி எழுதினால் குடி மூழ்காது, இங்கே அதுதான் இயல்பு.

இணைப்பில் போவது கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஃபார்மல் கடிதம். டியர் மிஸ், குடும்பப் பெயர். ஆர்டரின் பி.ஓ. எண், ஸ்டைல் எண், எத்தனை பீஸ், சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவதாக ஒப்புக்கொண்ட எக்ஸ் ஃபேக்டரி தேதி, புதிய தேதி, காரணம் ஒரே வாக்கியத்தில், புதிய தேதிக்கு ஒப்புதல் கேட்கும் வாக்கியம். சுருக்க வடிவம் எதுவும் வேண்டாம். பெயர் போட்டுத் தொடங்கினால் முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘டியர் சர் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. பிரிட்டிஷ் பையர்களில் பலர் இதை இன்னும் கவனிப்பார்கள்.

மன்னிப்பு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ‘வி ரிக்ரெட் தி டிலே’ என்றால் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதோடு நின்றுவிடும். ‘இட் இஸ் அவர் மிஸ்டேக்’ என்றால் பில் யார் பெயருக்கு என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். தவறு நம்முடையதாகவே இருக்கலாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கலாம். ஆனால் விமானச் செலவை ஏற்பதா, எவ்வளவு ஏற்பது என்பதை முதலாளி முடிவு செய்யட்டும். ராத்திரி எட்டு மணிக்குப் பதற்றத்தில் உட்கார்ந்திருக்கும் மெர்ச்சண்டைசரின் வேலை இல்லை அது. கடிதத்தில் கையெழுத்தும் அவர் மட்டத்துக்கு மேலே உள்ளவருடையதாக இருக்கட்டும்.

அப்புறம், பையரே ஃபார்மலுக்கு ஏறிவிட்டால்? மேலே சொன்ன ‘டியர் மிஸ்டர்’ பதில் அதுதான். அதற்கு ‘ஹாய்’ போட்டு ஒரு ஸ்மைலியும் வைத்துப் பதில் எழுதியவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம். அவர் இப்போது தன் மேனேஜர் கண்ணெதிரே எழுதுகிறார், அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நீங்களும் ‘டியர் மிஸ்’ என்று ஏறுங்கள், விவரத்தோடு மட்டும் பதில் சொல்லுங்கள். சரக்கு கிளம்பி, டாக்குமெண்ட் போய்ச் சேர்ந்து, சிசி இல்லாமல் முதல் பெயரில் கையெழுத்திட்டு அவரிடமிருந்து ஒரு மெயில் வரும்வரை அங்கேயே இருங்கள். வந்த பிறகும் நேராக ‘ஹாய்’க்குத் தாவாமல் இரண்டு மெயிலுக்கு ‘டியர்’ போட்டு முதல் பெயரில் எழுதிப் பாருங்கள். அவர் ‘ஹாய்’ போட்டால் நீங்களும் போடலாம்.