தார் இளகுகிறது, டயர் ஏன் இளகுவதில்லை?

"கல்முனை வீதியில் நண்பகல் வெயிலுக்குத் தார் இளகுகிறது. அதன் மேல் ஓடும் டயர் ஏன் இளகுவதில்லை?" என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மரத்திலிருந்து எடுத்த இறப்பரை அப்படியே பயன்படுத்தினால் அதுவும் இளகத்தான் செய்யும். 1830களில் அமெரிக்காவில் அப்படிச் செய்து விற்ற சப்பாத்துகள் கோடையில் பிசுபிசுத்து நாறின, பனிக்காலத்தில் விறைத்து வெடித்தன. 1839இல் சார்ள்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த இறப்பரைச் சூடாக்கினால் இந்த இரண்டு குறையும் நீங்கும் எனக் கண்டார். சூடான அடுப்பில் தற்செயலாகப் பட்டது என்ற கதையையே எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன் கடனிலும் சிறையிலும் கழிந்த அவருடைய ஆராய்ச்சி ஆண்டுகளை அந்தக் கதை மறைத்துவிடுவது எனக்கு வருத்தம். அந்த ஆண்டுகள் இல்லையென்றால், அடுப்பில் பட்டதன் பொருள் அவருக்கு விளங்கியிருக்காது.

இறப்பர் மூலக்கூறு, ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் கோர்த்த நீண்ட சங்கிலி. சங்கிலிகள் இடியப்பம் போலச் சிக்கிக் கிடக்கின்றன, ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. சூடேறினால் அவை வழுக்கி நகரும், பொருள் இளகும். குளிரில் அவை ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகும், பொருள் விறைக்கும்.

ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் எட்டு அணுக்கள் கொண்ட கந்தக வளையம் திறந்துகொள்கிறது. ஐசோபிரீனின் இரட்டைப் பிணைப்புக்கு அடுத்துள்ள காபனை அது பற்றி, பக்கத்துச் சங்கிலியோடு பாலம் போடுகிறது. பாலங்கள் மிகக் குறைவு. இரண்டு பாலங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான அலகுகள்கூட இருக்கலாம். இந்தக் குறைவில்தான் எனக்கு வியப்பு. இடைப்பட்ட பகுதி தாராளமாக நீளும். ஆனால் சங்கிலி இடம்விட்டு ஓட முடியாது, விட்டதும் பழைய நிலைக்கே திரும்பும். ஒழுங்காக அடுக்குவதையும் பாலங்கள் தடுப்பதால், சாதாரணக் குளிரில் விறைப்பதில்லை. 100 பங்கு இறப்பருக்கு 2, 3 பங்கு கந்தகம் போதும். 30 பங்கைத் தாண்டினால் எபனைட்டு என்ற கடினப் பொருள்தான் கிடைக்கும்.

மட்டக்களப்பு நகரில் ரியூப் ஒட்டும் கடையில் இதே வேலையை நேரில் பார்க்கலாம். ஓட்டை விழுந்த இடத்தைச் சுரண்டி, கந்தகம் கலந்த மூல இறப்பர்த் துண்டை வைத்து, சூட்டு அச்சில் இறுக்குகிறார்கள். எடுத்ததும் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். பள்ளம் அப்படியே நின்றால் வேகவில்லை, மீண்டெழுந்தால் பதம். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் பாலங்கள் அறுந்து இறப்பர் மறுபடி மென்மையாகிவிடும்.

சக்கரம் ஒருமுறை சுற்றும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நசுங்கி மீள்கிறது. மீளும் குணம் இல்லாத இறப்பரில் காற்றடைத்த சக்கரம் நிலைக்காது. அதனால்தான் 1845இல் ரொபேட் தோம்சனும் 1888இல் பெல்பாஸ்ட்டில் ஜோன் டன்லொப்பும் அதைச் செய்தபோது கந்தகப் பாலம் போட்ட இறப்பர் கையில் இருந்தது பெரும் வாய்ப்பு. டயரை உருக்கி வேறு அச்சில் ஊற்ற முடியாமல் போனதற்கும் இதே கந்தகப் பாலங்களே காரணம். போதிய சூடு கொடுத்தால் அது உருகாமல் சிதைந்துபோகும்.